நாலு இடத்தில் கடன், கட்டுவது ஒரே வீடு: வாரத் தவணைகளைக் கூட்டிப் பார்ப்பது எப்படி

நுண்கடன் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நல்ல காலங்களில் தவறாமல் வரும் ஒரு எண் உண்டு: திரும்பக் கட்டும் விகிதம் 98 அல்லது 99 சதவீதம். அதைப் பார்த்தால் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் சௌகரியமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் 2008-க்கும் 2010-க்கும் இடையில் நிக்கராகுவா, மொராக்கோ, போஸ்னியா, பாகிஸ்தான், இந்தியாவின் ஆந்திரப் பிரதேசம் என்று அடுத்தடுத்து நுண்கடன் நெருக்கடிகள் வெடித்தபோது, அதற்குச் சற்று முன்பு வரை அங்கேயும் அந்த எண் அழகாகத்தான் இருந்தது. மொராக்கோவின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஜாக்கூரா, 2009-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட வேண்டிய நிலைக்குப் போனது. ஆந்திராவில் 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் வசூல் கிட்டத்தட்ட நின்றே போனது.

இந்த இடங்களில் எல்லாம் அரசியலும் காரணங்களும் வேறு வேறு. போஸ்னியாவில் பொருளாதார மந்தம், நிக்கராகுவாவில் கட்ட மறுக்கும் இயக்கம். ஆனாலும் பின்னால் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம் பொதுவானது. ஒரே ஊரில், ஒரே தெருவில், பல நிறுவனங்கள் ஒரே ஆட்களுக்கே கடன் கொடுத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொரு நிறுவனத்தின் பணத்தில் கட்டும்வரை எல்லா ஏடுகளிலும் ‘கட்டிவிட்டார்’ என்றுதான் பதிவாகும். கஷ்டம் ஏட்டில் தெரிய ஆரம்பிக்கும்போது, அடுத்த கடன் கிடைப்பது நின்றிருக்கும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

அப்படியானால் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? தவணை தவறியதா என்று பார்ப்பதில் பயனில்லை. ஒரு வீடு எல்லா இடத்துக்கும் சேர்த்து வாரத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமான கூட்டல்தான். செய்து பார்த்தால் அதில் நாலைந்து இடத்தில் வழுக்கும். ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே வைத்துக்கொள்கிறேன்.

நாலு கடன், நாலு கால இடைவெளி

தையல் வேலையும் கூலி வேலையும் சேர்ந்து சராசரியாக வாரத்துக்கு 7,000 வருமானம் உள்ள வீடு. சாப்பாடு, வாடகை, மருந்து, பிள்ளைகள் படிப்பு என்று குறைக்கவே முடியாத செலவு வாரத்துக்கு 3,600. மிச்சம் 3,400. கடன் கட்ட அந்த வீட்டிடம் இருப்பது இவ்வளவுதான்.

அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் மூன்று நுண்கடன்கள் ஓடுகின்றன. முதலாவது 40,000 கடன். வாரம் 900 வீதம் 50 வாரம். இரண்டாவது 36,000, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,560. மூன்றாவது 60,000, மாதத் தவணை 3,250, இரண்டு வருடம். இது போக ஒரு தண்டல் கடன் உண்டு. 10,000 என்று எழுதி, 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுத்திருக்கிறார்கள். தினம் 100 வீதம் நூறு நாள்.

இவரிடம் “வாரம் எவ்வளவு கட்டுறீங்க?” என்று கேட்டால் “தொள்ளாயிரம்” என்று பதில் வர வாய்ப்பு அதிகம். பொய் சொல்லவில்லை. வாரம் என்றதும் வாரக் கடன்தான் ஞாபகம் வருகிறது. தண்டல் அன்றாடம் கைமாறிப் போவதால் அது கடனாகவே மனதில் நிற்பதில்லை. மாதத் தவணை மாதக் கடைசியில் மட்டும் நினைவுக்கு வருகிறது. ஆளை நேருக்கு நேர் கேட்பதைவிட, பாஸ்புக், கடன் அட்டை, போனில் வரும் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்பதுதான் உருப்படியான வழி.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்ற வேண்டும். வருடத்துக்கு எத்தனை தவணை என்று பார்த்துப் பெருக்கி, 52-ஆல் வகுப்பதே பிழையில்லாத முறை. வாரக் கடன் அப்படியே 900. இரண்டு வாரக் கடன் பாதியாகி 780. மாதக் கடன் 3,250-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் 750. தண்டல் ஏழு நாளுக்கு 700. கூட்டினால் வாரம் 3,130.

இங்கே ஒரு பழக்கத் தவறைச் சொல்லியாக வேண்டும். மாதத்துக்கு நாலு வாரம் என்று எடுத்துக்கொள்வது. கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மாத வருமானத்தோடு ஒப்பிடுவதால் வாரத் தவணையை நாலால் பெருக்குகிறார்கள். 900 வாரக் கடன் அப்படி 3,600 ஆகிறது. உண்மையில் வருடத்துக்கு 52 வாரம் என்பதால் அது மாதத்துக்கு 3,900. ஒரு கடனில் 300 குறைவாகத் தெரிகிறது. இதே அளவு வாரக் கடன் மூன்று இருந்தால் அந்தக் குறைவும் மூன்று மடங்காகி 900 ஆகும். இதேபோல ‘மாதக் கடன்’ என்று சொல்லி 28 நாளுக்கு ஒருமுறை வசூலிப்பவர்களும் உண்டு. அதில் வருடத்துக்குப் பன்னிரண்டு தவணைக்குப் பதில் பதின்மூன்று. தவணை அட்டையில் அடுத்தடுத்த இரண்டு தேதிகளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

சரி, 3,130. கையில் மிஞ்சுவது 3,400. வாரம் 270 மீதி. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் வீடு தாங்குகிறது என்று முடிவு செய்துவிடுவோம். கடன் கொடுப்பவர்களும் அநேகமாக இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

சராசரி வாரம் என்று ஒன்று வருவதில்லை

தவணைகள் சராசரியாக வருவதில்லை, தேதிப்படி வருகின்றன. நாலு வாரத்தை எடுத்து எழுதிப் பார்த்தால் அந்த வீட்டுக்கு இப்படி இருக்கிறது:

முதல் வாரம்: 900 + 700 = 1,600
இரண்டாம் வாரம்: 900 + 700 + 1,560 = 3,160
மூன்றாம் வாரம்: 900 + 700 = 1,600
நான்காம் வாரம்: 900 + 700 + 1,560 + 3,250 = 6,410

நான்காம் வாரத்தில் 3,400-ஐ வைத்துக்கொண்டு 6,410 கட்ட வேண்டும். 3,010 துண்டு விழும். முந்தைய மூன்று வாரத்தில் மிச்சமான 1,800, 240, 1,800 மூன்றையும் தொடாமல் வைத்திருந்தால் 3,840 இருக்கும். கட்டிவிட்டு 830 மிஞ்சும். அதாவது இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் மூன்று வாரம் முழுக்க வீட்டில் பணம் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது. பணத்தை வீட்டில் வைத்தால் அது எவ்வளவு நாள் தங்கும் என்று குடும்பம் நடத்துகிற யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், மாதத் தேதியும் இரண்டு வாரத் தேதியும் ஒன்றோடொன்று ஒட்டி நகர்வதில்லை என்பது. ஒரு மாதம் இரண்டும் ஒரே வாரத்தில் விழும், அடுத்த மாதம் விலகலாம். தோராயமாகப் பாதி மாதங்களில் மோதும். அதனால் ஒரு மாதத்தை மட்டும் பார்த்து ‘சமாளித்துவிட்டோம்’ என்று நினைப்பதும் தவறு, ‘முடியவே முடியாது’ என்று பயப்படுவதும் தவறு. வருடக் காலண்டரில் ஒவ்வொரு கடனின் தேதியையும் குறித்து, எந்தெந்த வாரம் கனமான வாரம் என்று வட்டம் போட்டு வைப்பது அரை மணி நேர வேலைதான்.

வருமானமும் இதேபோலத்தான். சராசரி 7,000 என்றால் 8,500 வரும் வாரமும் 4,500 வரும் வாரமும் சேர்ந்துதான் சராசரி. மழை, உடம்பு சரியில்லாதது, ஆர்டர் வராதது என்று நாலு வாரத்தில் ஒரே ஒரு வாரம் 4,500-ஆகக் குறைந்து, மற்றவை சராசரியாகவே இருந்தால், அந்த 830 மிச்சம் 1,670 பற்றாக்குறையாகிவிடுகிறது.

ஆக, வாரக் கடமை வருமானத்துக்குள் அடங்குகிறதா என்று சராசரி வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் போதாது. மோசமான வாரத்தில் வரும் வருமானத்தை, கனமான வாரத்தின் தவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தால் எங்கிருந்து பணம் வரும் என்பதற்கு வீட்டில் உடனடியாக ஒரு பதில் இருக்க வேண்டும். “இன்னொரு இடத்துல கேப்போம்” என்பதுதான் பதில் என்றால், கடன் எல்லை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. தவணை ஒன்றுகூடத் தவறியிருக்காது, அது வேறு விஷயம்.

1,670-க்காக 30,000

அந்த வீடு இப்போது 1,670-க்கு நிற்கிறது. தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் நான்காவது நிறுவனம் கடன் தருகிறது. ஆனால் 1,670 கடன் என்று எந்த நிறுவனத்திலும் கிடையாது. நிறுவனத்துக்கு ஒரு ஆளைச் சேர்க்க ஆகும் செலவு, சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் 30,000-இல் இருந்துதான் தொடங்குகிறார்கள். செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று 900 பிடித்துக்கொண்டு 29,100 கையில் வருகிறது. வாரம் 675, ஐம்பது வாரம்.

அந்த வார நெருக்கடி தீர்ந்தது. 1,670 போக 27,430 இருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த மருத்துவச் செலவோ கூரை வேலையோ ஏதோ ஒன்றுக்கு 20,000 போகிறது. அதை வீண்செலவு என்று யாரும் சொல்ல முடியாது. மிச்சம் 7,430.

இப்போது வாரக் கடமை 3,130-லிருந்து 3,805. கட்ட இருப்பது அதே 3,400. ஒருமுறை வந்த 1,670 பற்றாக்குறை, வாராவாரம் 405 பற்றாக்குறையாக மாறியிருக்கிறது. அந்த 405 எங்கிருந்து வரும்? கையில் இருக்கும் 7,430-லிருந்து. கடன் வாங்கிய பணத்திலேயே கடனைக் கட்டுவது என்பது பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது, யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை.

நியாயமாகச் சொன்னால், காகிதத்தில் இது தாங்கும். தண்டலில் இன்னும் 70 நாள், அதாவது பத்து வாரம் பாக்கி என்று வைத்துக்கொண்டால், பத்து வாரத்துக்கு 405 வீதம் 4,050 போய் 3,380 மிஞ்சும். அதன்பின் தண்டலின் 700 கழிந்து, வாரக் கடமை 3,105-க்கு இறங்கிவிடும். ஆனால் இடையில் 4,500 வருமானம் வரும் வாரம் ஒன்று வந்தால் 2,500 போய் 880 மட்டும் நிற்கும். இரண்டு வந்தால் நிற்காது. பத்து வாரத்தில் இரண்டு மோசமான வாரம் வருவது அபூர்வம் ஒன்றுமில்லை.

இன்னொரு நிபந்தனை, தண்டல் உண்மையிலேயே முடிய வேண்டும். எண்பதாவது நாள் வாக்கில் தண்டல்காரர் “புதுசா போட்டுக்கலாமா?” என்பார். பாக்கி 2,000-ஐக் கழித்துக்கொண்டு 6,500 கையில் தருவார். இருபது நாளில் முடிய வேண்டியது மறுபடி நூறு நாளாகும். நுண்கடன் நிறுவனங்களில் இதற்கு டாப்-அப் என்று பெயர். முந்தைய கடன் முடிவதற்கு முன்பே பாக்கியைக் கழித்துப் புதுக் கடன். வருடக் கணக்கில் கட்டியும் கடன் தீரவில்லை என்று சொல்பவர்களின் அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கடனும் ‘முடிந்தது’ என்றே எழுதியிருக்கும்.

பலரும் நல்ல யோசனை என்று சொல்வது, அந்த 30,000-இல் தண்டலை அடைத்துவிடுவது. பாதி சரி. கையில் 8,500 வாங்கி நூறு நாளில் 10,000 கட்டுவது என்பது ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 100 சதவீதத்துக்கும் மேலே போகும்; நுண்கடன் வட்டி அதில் ஒரு பங்குதான். ஆனால் வாரக் கடமையைப் பாருங்கள். 700 போய் 675 வருகிறது. இறங்கியது 25 மட்டும். பத்து வாரத்தில் தீர வேண்டியது ஐம்பது வாரத்துக்கு நீள்கிறது. வட்டி மலிவு என்பதும் வாரச் சுமை குறைவு என்பதும் வேறு வேறு கேள்விகள். விலை உயர்ந்த கடனை மலிவான கடனால் மாற்றுவது எப்போது உதவும் என்றால், அடைக்கத் தேவையான தொகைக்கு மட்டும் கடன் கிடைக்கும்போது. 7,000 பாக்கிக்கு 30,000 வாங்கினால் மீதி 23,000 புதுக் கடன்தான்.

கடன் கொடுப்பவரின் ஏட்டில் ஏன் தெரிவதில்லை

நான்காவது நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கும். அதில் மூன்று கடன் தெரியும்: வாரம் 2,430. தன்னுடைய 675-ஐயும் சேர்த்தால் 3,105. வருமானம் 7,000-இல் இது 44 சதவீதம். தண்டல் அறிக்கையில் இல்லை. அதையும் சேர்த்தால் 54 சதவீதம்.

இந்தச் சதவீதம் ஏன் முக்கியம் என்றால், ஒழுங்குமுறை விதிகள் இதன்மேல்தான் நிற்கின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்ட வேண்டியது அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பு, 2011-லிருந்து, ஒரே ஆளுக்கு இரண்டுக்கு மேற்பட்ட நுண்கடன் நிறுவனங்கள் கடன் தரக் கூடாது என்று எண்ணிக்கையில் கட்டுப்பாடு இருந்தது. அது அந்த வகை நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தியதால், வங்கியும் மற்றவர்களும் மூன்றாவது, நான்காவதாக வந்து நிற்பதைத் தடுக்கவில்லை. யார் கொடுத்தார் என்று எண்ணுவதைவிட மொத்தத் தவணையை வருமானத்தோடு ஒப்பிடுவது கண்டிப்பாக மேலான முறை.

ஆனால் 50 என்பது எல்லா வீட்டுக்கும் ஒரே அர்த்தம் தருவதில்லை. நம் உதாரண வீட்டில் குறைக்க முடியாத செலவே 3,600, அதாவது 51 சதவீதம். அந்த வீட்டால் அதிகபட்சம் 49 சதவீதம்தான் கட்ட முடியும், அதுவும் ஒரு காசு மிச்சமில்லாமல். வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போகும் பங்கு கூடும். விதியின் எல்லை அப்படியே நிற்கும். அதோடு இந்த 7,000 எப்படித் தெரிந்தது? சம்பளச் சீட்டு இல்லாத வீட்டில், சொன்னதை எழுதிக்கொள்வதுதான் நடைமுறை. எந்த எண்ணைச் சொன்னால் கடன் பாஸாகும் என்று படிவம் நிரப்புபவருக்கும் தெரியும், கடன் கேட்பவருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அறிக்கையில் வேறு ஓட்டைகளும் உண்டு. நிறுவனங்கள் தகவலை அன்றன்றைக்கு அனுப்புவதில்லை. இடைவெளியில் இரண்டு நிறுவனங்கள் ஒரே வாரத்தில் கடன் கொடுத்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. ஒரு கடனுக்கு ஒரு அடையாள அட்டையும் இன்னொன்றுக்கு வேறு அட்டையும் கொடுத்து, பெயரின் எழுத்து மாறியிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று பொருந்தாமல் போகலாம். நகை அடமானம், உறவினரிடம் கைமாற்று, கடையில் பாக்கி இவை எதுவும் நுண்கடன் அறிக்கைக்குள் முழுதாக வருவதில்லை.

வீட்டுக் கணக்கிலேயே விட்டுப்போகும் இரண்டு கடன்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, தன் பெயரில் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்த கடன். நாத்தனாருக்கோ குழுத் தலைவிக்கோ அவசரம் என்று இவர் பெயரில் எடுத்துக் கொடுத்திருப்பார். “அது அவங்க கட்டுறாங்க, என் கணக்குல வராது” என்பார். நிறுவனத்துக்கு முன்னால் அது இவர் கடன். அவர் கட்டாத வாரம் இவர்தான் கட்ட வேண்டும். கூட்டலில் அதைத் தனி வரியாகவாவது எழுதியாக வேண்டும். இரண்டாவது, குழுப் பொறுப்பு. ஒருவர் தவறினால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டும் குழுவில், அந்தப் பங்கும் ஒருநாள் வரக்கூடிய தவணைதான். ஒரே தெருவில் மூன்று நிறுவனங்களின் குழுவிலும் ஏறக்குறைய அதே பெண்களே இருந்தால், ஒருவர் சரியும் வாரம் மூன்று குழுவிலும் ஒரே நேரத்தில் பங்கு கேட்கும். ஐந்து பேர் குழுவில் ஒருவர் 900 கட்டவில்லை என்றால் மற்ற நால்வருக்கும் 225 வீதம். நம் வீட்டின் வார மீதி 270 என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தவணை தவறாமலே தெரியும் அடையாளங்கள்

கானாவின் தலைநகர் அக்ராவில் நுண்கடன் வாங்கியவர்களை ஆராய்ந்த ஜெசிகா ஷிக்ஸ், மிதமிஞ்சிய கடனைத் தவணை தவறுவதை வைத்து வரையறுக்கவில்லை. கடனைக் கட்டத் தொடர்ந்து திணறுவதும், அதற்காகத் திரும்பத் திரும்பத் தாங்க முடியாத விட்டுக்கொடுப்புகளைச் செய்வதும்தான் அளவுகோல் என்று எடுத்துக்கொண்டார். தவறாமல் கட்டுகிறவர்களும் அந்த வரையறைக்குள் வந்தார்கள். எனக்கு இதுதான் சரியான அளவுகோலாகப் படுகிறது, ஏனென்றால் குழுவின் முன்னால் மானம் போகக் கூடாது என்பதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கட்டுகிறவர்கள் நிறுவனத்தின் ஏட்டில் நல்ல வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள்.

இதை வீட்டில் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். கடைசியாகக் கட்டிய நாலு தவணைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வேலையில் வந்தது என்றால் சரி. ஒன்று இன்னொரு கடனிலிருந்து, ஒன்று நகை வைத்து, ஒன்று பக்கத்து வீட்டில் கைமாற்று என்றால், மீதி ஒன்றுதான் உண்மையில் அந்த வீடு கட்டிய தவணை. தையல் மிஷினை விற்று டியூ கட்டியது என்று பதில் வந்தால் அது எல்லாவற்றையும்விட மோசம். அடுத்த வார வருமானமும் சேர்ந்து போய்விட்டது.

கூட்டல் மீறிப் போய்விட்டால்

1,670 நின்றபோதே அந்த வீட்டுக்கு வேறு வழி இருந்ததா? நான்காவது கடனின் விலையை முதலில் பார்க்கலாம். 675 வீதம் ஐம்பது வாரம் கட்டினால் 33,750. வட்டி 3,750, முதலில் பிடித்த 900, மொத்தம் 4,650. ஒரு தவணையின் ஒரு பகுதியைத் தாமதமாகக் கட்டினால் ஆகும் அபராதத்தை இதோடு ஒப்பிட வேண்டும். இந்திய விதிகளில், நுண்கடனில் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போட முடியாது. முன்கூட்டி அடைத்தால் அதற்கும் அபராதம் கிடையாது. தாமதத்துக்கு வேறு விலை உண்டுதான்: கடன் அறிக்கையில் பதிவாகும், குழுவில் பேச்சு வரும். அதையும் எடை போட்டுப் பார்த்து, எந்த நிறுவனத்தில் தாமதித்தால் பாதிப்பு குறைவு என்று தேர்ந்தெடுப்பது, கேட்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தவறவிடுவதைவிட நல்லது.

யாரிடம் பேசுவது என்பதில் பொதுவாக நடப்பது தலைகீழ். அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுகிறார்கள், பொறுமையாகப் பேசுகிறவரைக் காக்க வைக்கிறார்கள். கூட்டலைப் பார்த்து முடிவெடுப்பதானால், இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்தக் கடன் சீக்கிரம் முடியும், எந்தக் கடனை நீட்டினால் வாரக் கடமை அதிகம் இறங்கும். நம் வீட்டில் சீக்கிரம் முடிவது தண்டல். அதைப் புதுப்பிக்காமல் முடிய விட்டாலே வாரம் 700 இறங்குகிறது. நீட்டுவதற்கு ஏற்றது மாதக் கடன். அதில் பன்னிரண்டு தவணை பாக்கி, அசல் ஏறக்குறைய 34,000 என்று வைத்துக்கொள்வோம். அதே வட்டியில் இருபது மாதமாக நீட்டினால் தவணை 3,250-லிருந்து 2,120 வாக்கில் இறங்கும். வாரக் கணக்கில் 750 என்பது 490 ஆகும். இதற்கு விலையாக மொத்தத்தில் 3,300-க்கு மேல் கூடுதல் வட்டி கட்ட வேண்டும், அறிக்கையில் ‘மறுசீரமைக்கப்பட்ட கடன்’ என்ற குறிப்பும் ஏறும். ஆனாலும் 4,650 செலவழித்து வாரக் கடமையை 675 ஏற்றியதோடு ஒப்பிட்டால், இதில் வாரம் 260 இறங்குகிறது.

நீட்டுவதும் தவணையை நிறுத்திவைப்பதும் ஒன்றில்லை. 2020-இல் கொரோனாவின்போது இந்தியாவில் ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு தரப்பட்டது. அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒத்திவைப்பு முடிந்து திரும்பக் கட்ட ஆரம்பித்தபோது தவணை எண்ணிக்கை கூடியிருந்ததைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள். அதனால் நிறுவனம் சலுகை தருகிறது என்றால், புதிய தவணை எவ்வளவு, எத்தனை தவணை, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்கி, அதைக் காலண்டரில் மற்ற மூன்று கடன்களின் பக்கத்தில் குறித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். புதிய தேதி, இரண்டு வாரக் கடன் விழும் அதே வாரத்தில் போய் உட்கார்ந்தால், வேறு தேதி கேட்பதற்கு அந்த நேரம்தான் சரியான நேரம். கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கிளை அலுவலகத்தில் மாற்றுவது லேசில் நடக்காது.